46 வயதில் HRV 28 என்றால் குறைவா?

கேள்வி: எனக்கு 46 வயது, குன்னூரில் இருக்கிறேன். தூங்கி எழுந்தால் கடிகாரம் HRV 28 என்று காட்டுகிறது. கோவையில் இருக்கும் என் தம்பிக்கு (33 வயது) 52. என் இதயத்தில் ஏதும் கோளாறா?

HRV என்பது இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண். அதை மட்டும் வைத்துக் கோளாறு என்று சொல்ல முடியாது. 46 வயதுக்கு 28 சாதாரணம்தான். தம்பியோடு ஒப்பிடுவதுதான் வீண் கவலை.

பெரும்பாலான கடிகாரங்கள் காட்டுவது RMSSD என்ற அளவு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி 900 மில்லிவினாடி, அதற்கடுத்தது 930, பிறகு மீண்டும் 900 என்று போனால், ஒவ்வொரு முறையும் வித்தியாசம் 30. அப்போது RMSSD-யும் 30. படுத்த நிலையில் ஐந்து நிமிடம் அளந்தால், முப்பதுகளில் சராசரி 35 முதல் 40 வரையிலும், நாற்பதுகளில் 25 முதல் 35 வரையிலும், ஐம்பதுகளில் 20 முதல் 25 வரையிலும் வரும். தூக்கத்தில் எடுத்தால் பலருக்குச் சற்றுக் கூடும். ஆனால் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் இந்தச் சராசரியில் பாதியோ ஒன்றரை மடங்கோ வரலாம். வீச்சு அவ்வளவு அகலம்.

வயது ஏன் குறைக்கிறது? மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தணியும். மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டால் இளவயதினருக்கு இது தெளிவாகவே தெரியும். இதைச் செய்வது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. வயது ஏற ஏற இதயத்தின் மீது அதன் பிடி தளர்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. தமனிச் சுவர் விறைத்தால் அது குறைவாகவே விரிகிறது, மூளைக்குச் செய்தியும் மங்கலாகத்தான் போகிறது. துடிப்புக்குத் துடிப்பு மாறும் இந்த நுண்ணசைவைத்தான் RMSSD அளக்கிறது என்பதால் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் அதுதான் வேகமாகச் சரிகிறது.

தம்பியின் கடிகாரம் எது என்றும் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் காட்டுவது SDNN; அது எல்லா இடைவெளிகளும் மொத்தமாக எவ்வளவு சிதறுகின்றன என்ற வேறு கணக்கு, பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அந்த 52-ஐ உங்கள் 28-க்குப் பக்கத்தில் வைப்பதே தப்பு.

மலையும் கொஞ்சம் கணக்கில் வரும். தம்பி உங்கள் வீட்டுக்கோ ஊட்டிக்கோ வந்தால் முதல் ஓரிரு இரவுகள் நாடி சற்று ஏறி, HRV இறங்கக்கூடும். இந்த உயரத்தில் அது பெரிய இறக்கமாக இருக்காது. குன்னூரிலேயே வாழும் உங்கள் உடல் அதற்குப் பழகிவிட்டது.

உங்களுக்குப் பயன்படுவது உங்களுடைய பழைய எண்கள்தாம். சில வாரச் சராசரி 28-ஐ ஒட்டி இருந்து, காய்ச்சலிலோ மது அருந்திய இரவிலோ 20-க்கு வந்தால் அது வழக்கமான ஏற்ற இறக்கம். எனக்குச் சந்தேகம் எழுவது எண் திடீரென 90, 100 என்று ஏறினால்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பில் இடைவெளிகள் தாறுமாறாக மாறும். கடிகாரம் அதைக்கூட நல்ல HRV என்று காட்டிவிடும். அப்படி ஏறினால் ஒரு நிமிடம் நாடியைப் பிடித்துப் பாருங்கள். தாளமே இல்லாமல் துடித்தால் அன்றைக்கே ஈசிஜி எடுங்கள். கூடவே மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.