ஒரே ரெஸ்யூமே, இரண்டு மதிப்பெண்

"ஒரே ரெஸ்யூமே, ஒரே வேலை விளம்பரம். ரெஸ்யூமே விளம்பரத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடும் ஒரு தளம் 61 தருகிறது, இன்னொன்று 80. எதை நம்புவது?"

இரண்டின் அளவுகோலும் வேறுங்க. ஒன்று விளம்பரத்தின் சொற்களை மட்டும் தேடலாம். மற்றது தலைப்புகள், தொடர்பு விவரம், நீளம் இவற்றுக்கும் மதிப்பெண் போடலாம். அதனால் ஒவ்வொன்றின் அடிமட்டத்தையும் உச்சத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள்.

அதே விளம்பரத்துக்கு, சம்பந்தமே இல்லாத துறையின் ரெஸ்யூமே ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அது அடிமட்டம். பிறகு உங்கள் ரெஸ்யூமேயின் அமைப்புக்குள் விளம்பர வரிகளையே ஒட்டிக் கொடுங்கள். அது உச்சம் (சோதனைக்கு மட்டும், எங்கும் அனுப்பிவிடாதீர்கள்). முதல் தளத்தில் 30, 92 என்றும் மற்றதில் 62, 98 என்றும் வந்தால், உங்கள் 61, 80 இரண்டுமே அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் சரிபாதிதான்.

அப்போதும் பெரிய வித்தியாசம் இருந்தால், ரெஸ்யூமேயை வெறும் எழுத்தாக ஒட்டிச் சோதியுங்கள். ஒரு தளத்தில் மதிப்பெண் ஏறினால், அது உங்கள் பிடிஎஃப்பைச் சரியாகப் படிக்கவில்லை போலும்; இரண்டு நெடுவரிசையாக அமைந்த பிடிஎஃப்பில் இப்படி நடக்கலாம்.