30 நொடிக் கடை விளம்பரத்துக்குக் குரல் வாசகம்: கேள்வி பதில்

கேள்வி: செருப்புக் கடைக்கு எழுதியது: “குடும்பத்தினர் அனைவருக்கும் ஏற்ற, நவீன முறையில் வடிவமைக்கப்பட்ட, உயர்தரமான காலணிகளை வழங்குவதில் பெருமை கொள்கிறோம்.” செய்தி வாசிப்பது போல இருக்கிறது. ‘கொள்றோம்’ என்று மாற்றினால் போதுமா?

போதாது. வினை கடைசியில்தான் வருகிறது என்பதால், கேட்பவர் அதுவரை எல்லா அடைமொழிகளையும் மனத்தில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஈற்றை மட்டும் பேச்சு வழக்குக்கு மாற்றினால் அந்தச் சுமை குறையாது. கடைக்கு வந்தவரிடம் கடைக்காரர் என்ன சொல்வாரோ, அதிலிருந்து தொடங்குங்கள்:

“புதுச் செருப்பு காலைக் கடிக்குதா? நம்ம கடைக்கு வாங்க. போட்டுப் பாருங்க. கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பாருங்க. கடிக்கலைன்னா மட்டும் எடுத்துக்குங்க.”

ஒவ்வொரு வாக்கியமும் ஒரே செய்தியோடு நின்றுவிடுகிறது. ‘உயர்தரம்’ என்று சொல்லவே இல்லை. நடந்து பார்க்கச் சொல்லும் துணிவே அதை உணர்த்திவிடுகிறது. கடையில் அப்படி நடந்து பார்க்க உண்மையிலேயே இடம் தருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எழுதியது 42 நொடி வருகிறது. ஒலிப்பதிவில் வேகத்தைக் கூட்டிவிடலாமா?

வேண்டாம், மூச்சும் இடைவெளியும் நசுங்கி, கடைப்பெயரே தெளிவில்லாமல் போகும். தமிழில் ஒரு சொல்லிலேயே பல அசைகள் சேர்ந்துவிடுவதால் 50 சொற்களை ஒட்டி எழுதுவது பாதுகாப்பானது. ஆனாலும் எண்ணிக்கையை நம்பாமல், கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். 26 நொடியில் முடிந்தால், தொடக்கத்தில் ஒரு நொடியும் கடைப்பெயர் திரையில் நிற்க மூன்று நொடியும் மிஞ்சும். முதலில் வெட்ட வேண்டியது முகவரி, தொலைபேசி எண். அவற்றைத் திரையில் எழுதிக் காட்டலாம்.

கேள்வி: பேச்சுத் தமிழ் என்றால் ஆங்கிலச் சொற்களை நிறையக் கலப்பதுதானே?

பாதி சரி. ‘சைஸ்’, ‘கலர்’ ஆகியவை செருப்பு வாங்குபவர் வாயில் இயல்பாக வருபவை என்பதால் அவற்றை விடுத்து ‘அளவு’, ‘வண்ணம்’ என்று திருத்தத் தேவையில்லை. ஆனால் ‘பிரீமியம் கலெக்‌ஷன்’ என்று அவர் கேட்பதில்லை. விளம்பரம் எழுதுபவரே அதைச் சொல்கிறார்.

கேள்வி: நான் குரல் கொடுப்பவள். ‘வந்து பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பேசுவது போலப் படிக்கச் சொல்கிறார்கள். என்னிடம் என்ன குறை?

உங்களிடம் குறை இல்லை. எழுதியவர் ‘வந்து பாருங்க’ என்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வரி பேச்சாகவும் அடுத்தது ஏடாகவும் ஒலிக்கும். பதிவுக்கு முன் வாசகம் முழுவதையும் நீங்கள் சொல்லும் விதத்திலேயே திருத்தி எழுதி, அவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எந்த வட்டார வழக்கில் எழுதுவது?

கடைக்கு வருவோர் ஒரே வட்டாரத்தினர் என்றால் அவர்கள் வழக்கிலேயே எழுதுவேன். குரல் கொடுப்பவரும் அவ்வட்டாரத்தவராக இருக்க வேண்டும், நடித்தால் உடனே தெரிந்துவிடும். பல வட்டாரத்தார் வரும் கடை என்றால் பொதுவான பேச்சு நடையைத் தேர்வேன். ஆனால் அந்தப் பொதுநடை எல்லார் காதுக்கும் பொதுவாகத்தான் படுகிறதா என்பதில் எனக்கே தெளிவான முடிவு இல்லை.