தீபாவளிக் காலை: எதற்குப் பின் எது? மலேசிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: காலையில் எழுந்ததும் விளக்கா, எண்ணெயா? மாமியார் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார்.
— சுங்கை சிப்புட்

ப: விளக்குதான் முதல். வீட்டில் மூத்த பெண் எழுந்து, வாய் கொப்பளித்து, முகம் கை கால் கழுவி, சாமி மேடையில் குத்துவிளக்கை ஏற்ற வேண்டும். எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், புதுத்துணி, பலகாரத் தட்டு, லேகியம் எல்லாம் முதல் நாள் இரவே விளக்கின் முன் வந்துவிட வேண்டும். பிறகு கோலம் போட்டு மணை போட்டு, கிழக்கே பார்க்க உட்காரவைத்து மூத்தவரிலிருந்து எண்ணெய் வைப்பது. அடுத்து குளியல், புதுத்துணி, கும்பிடுதல், லேகியம், இனிப்பு. சில வீடுகளில் விளக்கேற்றுகிறவர் தாமே முதலில் குளித்துவிட்டு ஏற்றுவார், அதுவும் சரி. விளக்கு எரியாமல் எண்ணெய் வைக்கத் தொடங்குவது மட்டும் கூடாது.

கே: தமிழ்நாட்டு நாள்காட்டியில் கங்கா ஸ்நானம் காலை 4.30 முதல் 6 வரை என்றிருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். அப்படியானால் நாம் 7 மணிக்கு மேல் குளிக்கலாம்தானே?
— பீடோர்

ப: கூடாது. ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் இந்தத் தவறான கணக்கைக் குழுக்களில் பரப்பிவிடுகிறார். பொறுமையாகப் படியுங்கள்.

நாள்காட்டியில் இரண்டு வகை நேரம் இருக்கிறது. ஒன்று திதி தொடங்கி முடியும் நேரம். அது வானத்தில் நடப்பது, உலகம் முழுக்க ஒரே கணம். அதற்கு மட்டும் இரண்டரை மணி கூட்டுங்கள். 2024-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தீபாவளிக் குளியலுக்குரிய சதுர்த்தசித் திதி அக்டோபர் 30 மதியம் தொடங்கி, 31-ஆம் தேதி இந்திய நேரம் மாலை 4 மணி வாக்கில் முடிந்தது. நமக்கு அது மாலை ஆறரை. ஆக 31-ஆம் தேதி விடியற்காலை இங்கேயும் சதுர்த்தசிதான். நாளில் குழப்பமே இல்லை.

இன்னொன்று குளிக்கும் நேரம். அது உங்கள் ஊர்ச் சூரியனைப் பொறுத்தது. அங்கே அந்த மாதத்தில் ஏறக்குறைய 6 மணிக்குச் சூரியன் உதிக்கிறது, அதனால்தான் 4.30 முதல் 6 என்று போடுகிறார்கள். உதயத்துக்கு முன்னுள்ள ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் பொருள். பேராக்கிலும் சிலாங்கூரிலும் அப்போது உதயம் சுமாராக 7 மணி. ஆக நமக்கு 5.30 முதல் 7. மற்ற நாட்களில் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமில்லை. இந்த ஒரு நாள் விடியுமுன் குளிப்பதுதான் விசேஷம். எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாகச் சொல்வது அந்த நேரத்துக்குத்தான். எட்டரை மணி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து வெயில் ஏறிய பின் குளித்தால் அந்த விசேஷம் போய்விடும். அதேபோல, நாள்காட்டியைப் பார்த்து இங்கே 4 மணிக்கே சின்னப் பிள்ளைகளை அடித்து எழுப்பவும் வேண்டாம்.

கே: ஏழு பேர், ஒரே குளியலறை. 8 மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும். எப்படிச் சமாளிப்பது?
— தோட்டத்து லயத்து வீடு, கோல சிலாங்கூர்

ப: சீயக்காய் தேய்த்துக் குளிக்க ஒருவருக்கு 12 நிமிடமாவது ஆகும். ஏழு பேருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்குள் முடிய, முதல் ஆள் 5.30-க்கு உள்ளே போக வேண்டும். எண்ணெய் 20 நிமிடம் முதல் அரை மணி வரை ஊறினால் போதும். ஆகவே 5 மணிக்கு முதல் இரண்டு பேருக்கு மட்டும் வையுங்கள். அவர்களில் ஒருவர் குளிக்கப் போகும்போது மூன்றாமவரை உட்காரவையுங்கள், இப்படியே ஒவ்வொருவராக. ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டால் கடைசி ஆள் ஒன்றரை மணி நேரம் எண்ணெயோடு நிற்பார். அப்படித்தான் சளி பிடிக்கிறது, பழி எண்ணெய் மேல் விழுகிறது. பாட்டி தாத்தாவை முதலில் அனுப்புங்கள், அப்போதுதான் தரையில் எண்ணெய் இருக்காது. ஒவ்வொருவரும் குளித்த பின் தரையில் சீயக்காய்த் தண்ணீரை ஊற்றித் தேய்த்துவிடுங்கள். வழவழப்பான ஓட்டுத் தரையில் எண்ணெய் பட்டால் நிற்க முடியாது. அன்று விடியற்காலை எல்லா வீட்டிலும் பைப்பைத் திறப்பார்கள், தண்ணீர் மெதுவாகத்தான் வரும். இரவே டிரம்மை நிரப்பிவிடுங்கள்.

கே: எண்ணெய் எவ்வளவு காய்ச்ச வேண்டும்? போன வருடம் கருகிப் போனது.
— தெலுக் இந்தான்

ப: எத்தனை பேர் என்று எழுதவில்லையே! ஒருவருக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், தலைக்கும் உடம்புக்கும் சேர்த்து. ஏழெட்டுப் பேருக்கு ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதில் பத்து மிளகு, ஒரு சிட்டிகை ஓமம், ஒரு வெற்றிலை, நாலைந்து பச்சரிசி. அடுப்பை மிகச் சிறிதாக வைத்து, அரிசி பொரிந்ததும் அணைத்துவிடுங்கள். புகை வந்தால் காய்ச்சல் அளவு தாண்டிவிட்டது. அந்த எண்ணெயைத் தலையில் வைக்க வேண்டாம். வெற்றிலையைக் கழுவியதும் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள், இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும். முதல் நாள் இரவே காய்ச்சி வடிகட்டிவிடுவது நல்லது. காலையில் கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் வெதுவெதுப்பு வந்துவிடும்.

கே: சாமிக்கு வாங்கிய விளக்கு எண்ணெய் நிறைய மீந்திருக்கிறது. அதையே தேய்த்துக் குளிக்கலாமா?

ப: வேண்டாம். விளக்கு எண்ணெய் பல எண்ணெய்கள் கலந்தது, எரிப்பதற்கு மட்டும். போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தலைக்குச் சமையலுக்குரிய நல்லெண்ணெய்தான்.

கே: மகனுக்குக் காய்ச்சல். குளிப்பாட்டாவிட்டால் குறையா?

ப: குறை இல்லை. உச்சியில் மூன்று சொட்டு வைத்து, ஈரத்துணியால் முகம் கை துடைத்து, புதுச்சட்டை போட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்கும் இதேதான், மிளகு போட்ட எண்ணெய் குழந்தைக்கு ஆகாது.

கே: புதுத்துணியில் மஞ்சள் வைத்தால் வெள்ளைச் சட்டை வீணாகிறதே?

ப: காலரில் வைத்தால் வீணாகத்தான் செய்யும். மஞ்சளைத் தண்ணீர் விடாமல் கெட்டியாகக் குழைத்து, சட்டையின் உள்மடிப்பில் ஒரு பொட்டு; சேலைக்கு முந்தானை ஓரத்தில் அல்ல, உள்தலைப்பின் மூலையில். தலையை நன்றாகத் துவட்டிய பின்பே புதுத்துணி. எண்ணெய் சரியாகப் போகாத முடி பட்டால் பட்டுச்சேலையில் விழும் கறை எளிதில் போகாது.

கே: முதலில் வாயில் வைப்பது எது? பிள்ளைகள் முறுக்கைத்தான் எடுக்கிறார்கள்.
— கூலிம்

ப: வெறும் வயிற்றில் சுண்டைக்காய் அளவு லேகியம். கால் மணி நேரம் கழித்து, சாமிக்கு வைத்த இனிப்பிலிருந்து ஒரு துண்டு, அதிரசமோ நெய் உருண்டையோ, பெரியவர் கையால். பசியாறல் அதற்குப் பிறகு. முறுக்கு காத்திருக்கட்டும். இடியப்பமோ தோசையோ உள்ளே போகாமல் பலகாரத்தையே தின்றால் மத்தியானம் கோழிக்குழம்பு வரும்போது பிள்ளைக்கு வயிறு வலிக்கும்.

கே: வாசலில் அகல் விளக்கு காலையிலா, மாலையிலா? மழையில் அணைந்துவிடுகிறது.

ப: காலையில் சாமி விளக்கோடு வாசலில் இரண்டு அகல் போதும். வரிசையாக வைப்பது மாலையில், இருட்டத் தொடங்கும்போது, ஏறக்குறைய 7 மணிக்கு. புது அகலை முதல் நாளே தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் காயவையுங்கள். ஊறாத மண் எண்ணெயைக் குடித்துவிடும். நீங்கள் மழை என்று நினைத்துக்கொண்டிருப்பது பாதி நேரம் இதுதான். திரியை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, நுனி அரிசி அளவுக்கு மேல் நீளாமல் வையுங்கள். நீண்டால் புகைந்து சுவர் கறுக்கும். சாரல் அடித்தால் தட்டில் மணல் பரப்பி அதில் அகல்களை வைத்து, வீட்டு முன் ஐந்தடி நடைபாதைக்குள் நகர்த்துங்கள். பாவாடை, துப்பட்டா போட்ட பிள்ளைகளை விளக்கு வரிசையின் உள்பக்கமாக நடக்கவிடாதீர்கள். வாசல் படியில் வைக்காமல் படியின் இரு ஓரத்தில் வையுங்கள், நடுவில் ஆள் போக வழி இருக்கட்டும்.