கிளைக்குச் சாமான் அனுப்பச் சலானா, இன்வாய்ஸா?

"வவுனியாக் கடையில இருந்து எங்கட கிளிநொச்சிக் கிளைக்குச் சீமெந்து அனுப்பினால் இன்வாய்ஸ் போடவேணுமா, சலான் காணுமா?"

சலான் காணும், எங்கட பக்கம் அதை டெலிவரி நோட் என்பார்கள். சாமான் இடம் மாறியதற்கான தாள் அது. இன்வாய்ஸ் என்றால் சாமான் கைமாறி, காசு வரவேண்டும். இங்கே வாங்கியவர் யாருமில்லையே! சேட்டுப் பைக் காசைக் காற்சட்டைப் பைக்கு மாற்றினால் வருமானமா?

200 பையில் 40 அனுப்பினால் வவுனியாவில் 160, கிளிநொச்சியில் 40. மொத்தம் அதே 200. இன்வாய்ஸ் போட்டால் விற்காத 40 பை விற்பனையில் ஏறும், கிளிநொச்சியில் விற்கும்போது இன்னொருமுறை ஏறும். இறக்கும்போது 2 பை கிழிந்திருந்தால், நோட்டிலேயே 38 என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரே முதலாளி என்றாலே சலான் போதும் என்பது பிழை: கிளை தனிக் கம்பனியாகப் பதிந்திருந்தால் இன்வாய்ஸ்தான், இந்தியாவில் வேறு மாநிலக் கிளைக்கு ஜிஎஸ்டி எண்ணும் வேறு, அங்கேயும் இன்வாய்ஸ்தான்.