கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: சென்னையில் இருசக்கர வண்டியில் பார்சல் கொண்டு சேர்க்கும் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் 9,400 ரூபாய்க்கு ஓட்டினேன். கமிஷன் 20 சதவீதம் என்றுதான் சேர்த்தார்கள். 2,218 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அபராதம் என்று மூன்று முறை 200 ரூபாய் வேறு. காரணம் சொல்லவில்லை. என் லைசென்ஸ் சென்ற ஆண்டே முடிந்துவிட்டதால் மைத்துனர் பெயரில் உள்ள ஐடியில்தான் ஓட்டுகிறேன்; பணம் அவர் கணக்கில் விழுந்ததும் எனக்கு அனுப்பிவிடுவார். நிறுவனத்தின் மீது எங்கே புகார் கொடுப்பது?

பதில்: கமிஷனை முதலில் முடித்துவிடுவோம். 9,400 ரூபாய்க்கு 20 சதவீதம் 1,880 ரூபாய். அந்தக் கமிஷன் தொகையின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 338 ரூபாய் 40 காசு. இரண்டையும் கூட்டினால் 2,218 ரூபாய் 40 காசு வருகிறது. சேரும்போது இந்த வரியைப் பற்றி வாய் திறக்காதது அவர்கள் செய்த தவறு என்றாலும், பிடித்த தொகையில் பிழை இல்லை. இதை வைத்துச் சண்டைக்குப் போனால் முதல் பதிலிலேயே உங்கள் புகாரை மூடிவிடுவார்கள்.

அந்த 600 ரூபாய் அப்படியல்ல. எந்தப் பயணத்துக்காக, எந்த விதியின்படி என்று சொல்லாமல் பிடித்த பணம் அது. கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய ஆள், நிறுவனத்தின் பார்வையில், நீங்கள் இல்லை. மைத்துனரின் ஐடியை ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் வேறெதுவுமே கண்ணில் படவில்லை. அபராதத்துக்கான அறிவிப்பு பதிவு செய்த கைபேசி எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ போயிருக்கும். அது யார் சட்டைப் பையில் இருக்கிறது? மறுப்புத் தெரிவிக்கப் பெரும்பாலும் சில நாள்தான் அவகாசம் தருவார்கள் என்பதால், உங்களுக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்பதைவிட, சொன்ன காரணம் உங்கள் மைத்துனரின் கைபேசியில் படிக்கப்படாமல் கிடக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். வருமான வரி பிடித்தால் அதுவும் அவருடைய பான் எண்ணில்தான் வரவாகும். திரும்பப் பெறுவதென்றாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர் அவரே.

இதைவிடக் கோபம் எனக்கு வேறொன்றில். காலாவதியான லைசென்ஸோடு தினமும் தெருவில் இறங்குகிறீர்கள். நாளை யார் மீதாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்குக் கொடுக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் வண்டி உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கப் பார்க்கும். உங்களுக்கே ஏதாவது ஆனால், ஐடியோடு சேர்ந்து வரும் விபத்துக் காப்பீடு உங்கள் மைத்துனருக்கானது. உங்கள் வீட்டாருக்கு ஒரு ரூபாயும் வராது. சம்பாதித்துக் கொடுப்பது மட்டுமே குடும்பக் கடமை என்று நினைக்கும் ஆண்களின் கடிதங்கள் என்னிடம் கட்டுக் கட்டாக இருக்கின்றன. உதவி செய்யப் போன மனிதரையும் ஆபத்தில் மாட்டிவைத்திருக்கிறீர்கள்: அடுத்தவருக்கு ஐடி கொடுத்தது தெரிந்தால் அவருடைய கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்காருங்கள். உறவுக்குள் கணக்குக் கேட்பது அசிங்கம் என்று தயங்காதீர்கள். கேட்காமல் மனதில் வைத்துக்கொள்வதுதான் பின்னால் அசிங்கமாக முடிகிறது. அவர் கைபேசியில் அபராதம் விழுந்த மூன்று நாள்களின் செய்திகளையும், வாராந்திரக் கணக்கின் முழுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். செயலி எதிர்பாராமல் கேட்கும் முகப்படத்தை அனுப்பாமல் விட்டதற்கோ, ஏற்ற பார்சலை இடையில் ரத்து செய்ததற்கோ அபராதம் விழுந்திருந்தால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். முகப்படம்தான் காரணம் என்றால், அதைத் தோண்டுவது உங்கள் இருவருக்கும் குழிதான்.

மறுநாளே லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். முடிந்து ஓராண்டு ஆகவில்லை என்றால் தேர்வு இல்லாமலே புதுப்பிக்கலாம். தாண்டிவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். இரண்டு வார வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் வங்கிக் கணக்கில் சேருங்கள். அதன்பின் காரணமில்லாத பிடித்தம் விழுந்தால், அன்றே திரையைப் படம் பிடித்து, பயண எண், தேதி, தொகை மூன்றையும் குறிப்பிட்டுச் செயலியிலேயே எழுத்து மூலம் கேளுங்கள். தொலைபேசியில் பேசியது எதற்கும் சாட்சி ஆகாது. பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். வழக்குத் தொடுப்பதற்கு முன்பே நிறுவனத்தை அழைத்துச் சமரசம் பேச அங்கே வழி உண்டு. பிடித்தத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று கர்நாடகம் 2025-ல் சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கு 2023-ல் அமைத்த நல வாரியம் இருக்கிறது. ஆனால் அதில் பதிவு செய்யவும் நீங்கள் நீங்களாகத்தான் போக வேண்டும்.