மவுஸ் மேக்ரோ குறி தவறுவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டரில் (1920 x 1080) மவுஸ் கிளிக்குகளைப் பதிவு செய்து வைத்த மேக்ரோ அங்கே ஒழுங்காக ஓடுகிறது. அதையே என் லேப்டாப்பில் (1366 x 768) ஓட்டினால், சேவ் செய்ய வேண்டிய இடத்தில் எல்லா விண்டோவும் மறைந்து டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. வைரஸா சார்?

வைரஸ் எல்லாம் இல்லை. நீங்கள் அனுப்பிய ஃபைலில் கடைசி கிளிக் 1780, 1010 என்று இருக்கிறது. ரெக்கார்டருக்கு சேவ் பட்டன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. திரையின் இடது மேல் மூலையிலிருந்து வலப்பக்கம் 1780 பிக்சல், கீழே 1010 பிக்சல் போய் ஒரு கிளிக், அவ்வளவுதான் அதன் நினைவில் இருக்கும். உங்கள் லேப்டாப் திரையில் அப்படி ஒரு இடமே கிடையாது. அதனால் அம்புக்குறி வலது கீழ் மூலையில் முட்டி நின்று, அங்கேயே கிளிக் செய்கிறது. டாஸ்க்பாரின் அந்த மூலையில்தான் டெஸ்க்டாப்பைக் காட்டும் பட்டன் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்? 1366-ஐ 1920-ஆல் வகுத்தால் சுமார் 0.711. எல்லா எண்ணையும் அதால் பெருக்கிவிட்டால் வேலை முடிந்தது.

பாதி சரி. எண்கள் திரைக்குள் வந்துவிடும், பட்டன் மேல் விழுமா என்பதுதான் சந்தேகம். மேலே கேட்டவரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பெருக்கினால் கிளிக் 1266, 718-இல் விழும். ஆனால் திரை சிறியதானால் பட்டன் சுருங்குவதில்லை. பெரும்பாலான புரோகிராம்களில் அது தன் மூலையை விட்டு நகர்வதும் இல்லை. ஆபீஸில் வலது ஓரத்திலிருந்து 140, கீழ் ஓரத்திலிருந்து 70 பிக்சல் தள்ளி இருந்த பட்டன், லேப்டாப்பிலும் அதே தூரத்தில், அதாவது 1226, 698-இல் இருக்கும். குறுக்கே 40 பிக்சல் தவறுகிறது. பட்டன் அகலம் 70 என்றால் நடுவிலிருந்து ஓரம் 35தான், ஆக கிளிக் பக்கத்துக் காலி இடத்தில் போய் விழும். திரை முழுக்க ஒரே படமாக நீளும் சில விளையாட்டுகளில் வேண்டுமானால் உங்கள் வழி எடுபடும்.

கேள்வி: என்னிடம் ஒரே லேப்டாப்தான். ஒரு நாள் சரியாகப் படுகிறது, ஒரு நாள் தவறுகிறது. காரணம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எவ்வளவு தவறுகிறது என்று அளந்து பாருங்கள், அதுவே சொல்லிவிடும். கிளிக் கட்டளைகளை நிறுத்திவிட்டு, அம்புக்குறியை மட்டும் நகர்த்தும்படி மேக்ரோவை மாற்றி ஓட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே திசையில் விலகினால் விண்டோ இடம் மாறித் திறந்திருக்கிறது. மேல் இடது பக்கம் கொஞ்சமாகவும் கீழே போகப்போக அதிகமாகவும் விலகினால், எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் 100%-இலிருந்து 125%-க்குப் போயிருக்கலாம். அப்போது மூலையிலிருந்து 100 பிக்சல் தள்ளியிருந்தது 125-க்கும், 800-இல் இருந்தது 1000-க்கும் போகும். வெளி மானிட்டரை மாட்டிக் கழற்றுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

கேள்வி: எனக்கும் இதேதான் அண்ணா! மேக்ரோ வேகத்தை இரண்டு மடங்காக்கினதிலிருந்து தவறுகிறது. ஸ்கிரீன் சைஸை மாற்றணுமா?

வேண்டாம் தம்பி, உங்களுடையது வேறு கதை. அடுத்த விண்டோ திறப்பதற்குள் கிளிக் முந்திக்கொள்கிறது. பழைய வேகத்துக்கே போங்கள், இல்லையென்றால் விண்டோ வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சரி, தவறாமல் இருக்க எப்படி எழுதுவது? மேக்ரோ எழுத AutoHotkey v2 வைத்திருக்கிறேன்.

திரையை விட்டுவிட்டு விண்டோவின் உள்பகுதியிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் விண்டோவின் அளவையும் நீங்களே கட்டிப்போடுங்கள்.

```
CoordMode "Mouse", "Client"
WinRestore "Invoice"
WinMove 0, 0, 1280, 720, "Invoice"
WinActivate "Invoice"
WinWaitActive "Invoice"
Click 1140, 650
```

`Invoice` இருக்கும் இடத்தில் உங்கள் விண்டோவின் தலைப்பைப் போடுங்கள். விண்டோ முழுத்திரையில் இருந்தால் முதலில் அதைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவரத்தான் இரண்டாவது வரி. எண்களைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள்: விண்டோவை இதே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, AutoHotkey-உடன் வரும் Window Spy-இல் `Client` என்று காட்டும் எண்ணை எடுங்கள். இடம் மாறும் தொல்லை இதோடு போய்விடும். ஸ்கேலிங் மாறினால் மட்டும் மறுபடி அளக்க வேண்டும். ஷார்ட்கட் விசை இருக்கிற இடத்தில் மவுஸே வேண்டாம் என்பது என் கட்சி. Ctrl+S அழுத்தி சேவ் செய்யும் `Send "^s"` எந்தத் திரையிலும் குறி தவறாது.

கேள்வி: நான் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்கிறேன். மேக்ரோ என் கம்ப்யூட்டரில், புரோகிராம் தொலைவில். மேலே சொன்னது உதவுமா?

நேராக உதவாது. அங்கே உள்ள விண்டோக்கள் உங்கள் கம்ப்யூட்டருக்கு வெறும் படம். `WinMove` அவற்றைத் தொடாது. அனுமதி கிடைத்தால் மேக்ரோவை அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் ரிமோட் விண்டோவை ஒரே ரெசல்யூஷனில் வைத்து, படத்தைச் சுருக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். பட்டனின் படத்தைத் தேடிக் கிளிக் செய்யும் வழியும் உண்டு. இணைப்பு மந்தமானால் நிறம் லேசாக மாறி அதுவும் காலை வாரும். இதற்கு முழுத் தீர்வு என்று என்னிடம் எதுவும் இல்லை. யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.