பத்தாயிரத்துக்கு இரண்டு ஜோடி

கேள்வி: நான் வேலை பார்க்கும் விடுதியில் எல்லோருக்கும் ஒரே கறுப்பு பேண்ட், ஒரே மெரூன் கோட்டு. இதற்குள் நான் மட்டும் எடுப்பாகத் தெரிய ஷூ, கைக்கடிகாரம், தலைமுடி இவற்றில் என்ன செய்யலாம்? பத்தாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயார்.
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பத்தாயிரமா? முக்கால் பங்கை ஷூவில் போடுங்கள். ஒரு ஜோடி அல்ல, இரண்டு ஜோடி, இரண்டும் கறுப்புத் தோலில். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் குன்னூரில் நனைந்த தோல் ஓர் இரவில் உலராது. அதையே மறுநாளும் மாட்டினால் விரல் மடங்கும் இடத்தில் தோல் வெடிக்கத் தொடங்கும், உள்ளே நாற்றம் குடியேறும்.

மாலையில் நனைந்து வந்தால் முதலில் சேற்றைத் துடையுங்கள். கயிற்றைத் தளர்த்தி, உள்ளட்டை கழன்று வருமானால் வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஈரமாகிவிடும், மாற்றுங்கள். படுக்கும் முன் இன்னொரு முறை மாற்றி, அடிப்பாகத்துக்கும் காற்று படும்படி ஷூவைச் சாய்த்து வையுங்கள். கணப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். ‘எங்கள் வீட்டில் அப்படித்தான் காயவைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று கோத்தகிரியிலிருந்து கடிதம் வருவதும் நிற்கவில்லை. கட்டாயம் ஆகும்! சூட்டில் தோல் சுருங்கி விறைக்கும், பசை விட்டு அடிப்பாகம் வாய் பிளக்கும்.

அடுத்த வழக்கு, பஞ்சு வைத்த புட்டியில் வரும் திரவ பாலிஷ். அது தோலின்மேல் ஒரு படலமாக உட்கார்ந்து மடிப்பில் வெடித்து உதிர்கிறது. டப்பாவில் வரும் மெழுகு பாலிஷைப் பழைய பனியன் துணியில் துளி எடுத்து மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு, பிரஷ்ஷால் தேயுங்கள். ஷூவின் முனைக்கு மட்டும் துணியை லேசாக நனைத்து, இன்னும் துளி மெழுகெடுத்துச் சிறு வட்டமாகத் தேய்த்தால் கண்ணாடி போல மின்னும்.

அலமாரியில் வைத்த ஷூவில் வெள்ளை பூத்திருந்தால் பயப்படாதீர்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு முழம் தள்ளி, சில விநாடி காட்டுங்கள். மறைந்தால் அது வெறும் மெழுகு. மறையாமல் பஞ்சு பஞ்சாக நின்று மக்கிய வாடை அடித்தால் பூஞ்சணம். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தட்டி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே பாலிஷ்.

கைக்கடிகாரத்துக்குத் தோல் பட்டை வேண்டாம்; இந்த ஈரத்தில் அதுவும் மக்கும். மெல்லிய எஃகுக் கடிகாரம், சட்டைக் கைக்குள் வழுக்கிப் போகும் அளவில் போதும். தட்டு அளவு டயல் கட்டியவர்களின் சட்டைக் கை எப்போதும் ஏறி நிற்கிறது, பார்க்கவே எனக்கு எரிச்சல். பெல்ட் ஷூவைப் போலவே கறுப்பாக, அதன் கொக்கி கடிகாரத்தின் நிறத்தில் இருக்கட்டும். முடிக்குப் பிடரி ஓரத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒதுக்கினால் போதும்.

மிச்சப் பணத்தில் குதிரை மயிர் பிரஷ் ஒன்று வாங்கி, கறுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.